22 பிக்சலில் ஒரு முகம்

செல்பியை வட்டமாக வெட்டி, 128க்கு 128 பிக்சலாகச் சுருக்கி, டிஸ்கோர்ட் குழுவில் இமோஜியாக ஏற்றிவிட ஐந்து நிமிடம் போதும். கற்பிட்டியிலிருந்து உடப்பு வரை புத்தளம் கரையோரத்து இளவட்டங்கள் பலரும் இதைச் செய்து பார்த்திருப்பார்கள். பாதிப் பேர் ஊரிலும் மீதிப் பேர் கட்டாரிலும் இத்தாலியிலுமாகச் சிதறிக் கிடக்கிற நண்பர் கூட்டத்தில், ஒருவன் எழுதியதற்குக் கீழே இன்னொருவனின் முகத்தை ஒட்டிவிடுவதில் ஒரு குறும்பு இருக்கிறது. ஆனால் ஒட்டிய முகம் யாருடையது என்று கேட்டால் பதில் வராது. கபில நிறத்தில் ஒரு திட்டு, அதன் மேலே கொஞ்சம் கறுப்பு, பின்னால் வெளிறிய வானம். பத்துப் பேரின் முகங்களும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும்.

இது ஏன் நடக்கிறது, எப்படி வரைந்தால் நடக்காது என்பதுதான் இங்கே கேள்வி. இதற்குள் உண்மையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தச் சின்ன இடத்தில் கண்ணால் எவ்வளவு பார்க்க முடியும்? ஒருவரை அவர்தான் என்று அடையாளம் காண முகத்தில் எது தேவை? இந்தக் கரையின் வெயிலுக்கும் நம் தோல் நிறத்துக்கும் அந்தத் தேவையை எப்படி நிறைவேற்றுவது? மூன்றாவதைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப்போகிறேன். இமோஜி வரையக் கற்றுக்கொடுக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை.

முதலில் அளவு. டிஸ்கோர்டிலும் ஸ்லாக்கிலும் எழுத்துகளுக்கு நடுவே வரும் இமோஜி சுமார் 22 பிக்சல் அகலம். ஒரு செய்தியின் கீழே எதிர்வினையாக ஒட்டினால் அது 16 அளவுக்கு இறங்கிவிடும். ட்விட்ச் 28, 56, 112 என்று மூன்று அளவில் கேட்கிறது. "என் போன் திரையில் பிக்சல்கள் மிக நெருக்கம், 22 என்பது உள்ளுக்குள் 66 ஆகத்தான் காட்டப்படுகிறது" என்று யாராவது சொல்லலாம். அது சரிதான். ஆனால் திரையில் அது பிடிக்கும் இடம் மாறாது: ஏறத்தாழ மூன்றரை மில்லிமீற்றர். போனை 35 சென்றிமீற்றர் தூரத்தில் பிடித்துப் பார்த்தால் அந்த மூன்றரை மில்லிமீற்றர் கண்ணில் அரைப் பாகைக்குச் சற்று மேலான கோணமாக விழும். நல்ல பார்வை உள்ள கண்ணுக்குப் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய நுணுக்கம் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. ஆக, முகத்தின் குறுக்கே அதிகபட்சம் 34 நுணுக்கங்கள்தான் தெரியும். அதுவும் கண் மருத்துவரின் அட்டையில் இருப்பதுபோல் வெள்ளையில் கறுப்பாக இருந்தால்.

நடைமுறையில் அப்படி இருப்பதில்லை. கண்டக்குளியில் வள்ளத்தடியில் நின்றுகொண்டு, திரையில் விரல் எண்ணெய் படிந்திருக்க, நடுப்பகல் வெயிலில் போனைப் பார்க்கிறவருக்கு அந்த 34 நுணுக்கங்களில் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம். அதனால் நான் வைத்துக்கொள்ளும் கணக்கு எளிது. முகத்துக்குக் குறுக்கே 16 கட்டம், நெடுக்கே 16 கட்டம். 128 பிக்சல் தாளில் ஒரு கட்டம் 8 பிக்சல். அதைவிட மெல்லிய எதையும் வரைவதில்லை. 22 அளவுக்குச் சுருங்கும்போது அந்தக் கட்டம் ஒரு பிக்சலுக்குச் சற்று அதிகமாக நிற்கும். 16 அளவுக்குச் சுருங்கினால் மிகச் சரியாக ஒரு பிக்சல். வட்ஸ்அப் ஸ்டிக்கருக்கு வரைந்து பழகியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஸ்டிக்கரின் தாள் 512 பிக்சல். அதைச் சுற்றி 8 பிக்சல் வெள்ளைக் கரை போடச் சொல்வார்கள். அதே படத்தை இமோஜியாக 22க்கு இறக்கினால் அந்தக் கரை ஒரு பிக்சலில் மூன்றில் ஒரு பங்காகி, சாம்பல் கறையாக மாறிவிடுகிறது.

பதினாறு கட்டம் குறைவு என்று தோன்றும். இந்தத் துறையின் வரலாற்றைப் பார்த்தால் அது தாராளம். 1999இல் ஜப்பானில் என்டிடி டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகெடாகா குரிடா வரைந்த 176 இமோஜிகளும் 12க்கு 12 பிக்சலுக்குள்தான் இருந்தன. இன்று அவை நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. அதற்கும் முன்பே, 1983இல், அப்பிள் மெகின்டொஷ் அணியில் சேர்ந்த சூசன் கெயார் 32க்கு 32 கட்டத்தில், கறுப்பு வெள்ளையில் மட்டும், ஸ்டீவ் ஜொப்ஸின் முகத்தை ஐகனாக வரைந்தார். நம் வேலைக்கு நேரடி முன்னோடி குரிடாவின் சிரிக்கும் முகம் அல்ல, கெயாரின் இந்தப் படம்தான். குரிடாவுக்குத் தேவைப்பட்டது யாரோ ஒருவரின் சிரிப்பு. கெயாருக்குத் தேவைப்பட்டது ஒரு குறிப்பிட்ட ஆள். இரண்டும் வேறு வேறு வேலைகள். செல்பி இமோஜி இந்த இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் செய்யப் பார்ப்பதுதான் அதன் சிக்கல்.

ஆளை அடையாளம் காண எது தேவை? பெல் ஆய்வகத்தில் லியோன் ஹார்மனும் பெலா யூலெஸும் 1973இல் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைப் பெரிய சதுரக் கட்டங்களாக மாற்றிக் காட்டினார்கள். நேராகப் பார்த்தால் வெறும் கட்டங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, தள்ளி நின்று பார்த்தாலோ லிங்கன் வந்துவிடுகிறார். கட்டங்களின் கூரான ஓரங்கள்தான் முகத்தை மறைக்கின்றன. ஓரங்கள் மங்கியதும் உள்ளே இருந்த இருள் வெளிச்ச ஒழுங்கு தெரிகிறது. பின்னர் எம்ஐடியில் பவன் சின்ஹாவும் அவருடைய குழுவினரும் செய்த சோதனைகள் இதை இன்னும் தள்ளிக்கொண்டு போயின. 7க்கு 10 பிக்சல் அளவுக்கு மங்கலாக்கிய படங்களில்கூட, நன்கு பழக்கமான முகங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை மனிதர்கள் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அதே குழு 2003இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு மிகப் பிடித்தது. பிரபலமானவர்களின் படங்களில் கண்களை அழித்துக் காட்டினார்கள். பிறகு புருவங்களை அழித்துக் காட்டினார்கள். புருவம் இல்லாதபோதுதான் அடையாளம் காண்பது கூடுதலாகத் தடுமாறியது.

இந்த முடிவுகள் நமக்கு ஒரு சங்கடத்தையும் கொண்டுவருகின்றன. 7க்கு 10 பிக்சலில் புகைப்படமே அடையாளம் காட்டிவிடுமானால், 22 பிக்சலில் செல்பி ஏன் தோற்கிறது? வரையத்தான் வேண்டுமா? நேர்மையாகச் சொன்னால், நல்ல வெளிச்சத்தில் எடுத்து, நெற்றியிலிருந்து தாடைவரை இறுக்கமாக வெட்டிய படம், அவசரமாக வரைந்த ஓவியத்தைவிட நன்றாகவே அடையாளம் காட்டும். பலர் வரைந்து கெடுக்கிறார்கள் என்பதே என் எண்ணம். அவர்கள் செய்வது, செல்பியைப் பெரிதாக்கி அதன்மேல் கோடுகளைத் தடம் எடுப்பது: தாடைக் கோடு, மூக்கின் கோடு, உதட்டின் கோடு. பிறகு உள்ளே ஒரே நிறத்தை ஊற்றுகிறார்கள். முகத்தை முகமாக்கிய இருள் வெளிச்ச ஒழுங்கு அதோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது சின்ன அளவில் முதலில் மறைகிற பொருளான கோடு. புகைப்படத்திலிருந்து எடுக்க வேண்டியது கோடுகளை அல்ல, அதன் மங்கலை.

மங்கலை எடுப்பது கடினமான காரியம் அல்ல. முகத்தைச் சதுரமாக வெட்டிய பிறகு, கணினியில் இமேஜ்மேஜிக் இருந்தால் ஒரு வரி போதும்:

```
magick mugam.jpg -resize 16x16 -filter point -resize 800% map.png
```

இது படத்தை 16 கட்டத்துக்கு இறக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் 8 பிக்சலாகப் பெருக்கி, 128 பிக்சல் வரைபடமாகத் தரும். போனில் வரைகிறவர்கள் எந்த வரைதல் செயலியிலும் அதே அளவுக்குச் சுருக்கிப் பெருக்கலாம். அந்த வரைபடத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். எந்தக் கட்டங்கள் இருண்டிருக்கின்றனவோ அவைதான் உங்கள் ஓவியத்தின் எலும்புக்கூடு.

ஆனால் அந்த எலும்புக்கூடு சரியாக வர, படம் சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் இடம் வந்து குறுக்கே நிற்கிறது. நம் ஆட்கள் செல்பி எடுக்கும் இடம் பெரும்பாலும் கடற்கரை. பின்னால் வானமும் தண்ணீரும் பளபளக்கும். பாலாவி உப்பளம் பக்கமாக என்றால் தரையும் சேர்ந்து வெளுக்கும். கமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப ஒளியைக் குறைத்துக்கொள்ள, முகம் இருட்டில் விழுகிறது. உச்சி வெயிலில் எடுத்தால் புருவ எலும்பின் நிழல் கண்குழியை நிரப்பி, புருவமும் கண்ணும் ஒரே கறுப்புப் பட்டையாகிவிடும். புருவம்தான் முக்கியம் என்று ஆய்வு சொல்கிற நேரத்தில், புருவத்தின் வடிவத்தையே வெயில் தின்றுவிடுகிறது. கிடுகுக் கொட்டிலின் வாசலுக்கு இரண்டடி உள்ளே, வெளிச்சத்தைப் பார்த்தபடி நின்றால் இந்தத் தொல்லை இல்லை. வாடிக்குள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் விழுகிற வெளிச்சம் ஸ்டூடியோ வெளிச்சத்துக்குச் சளைத்ததல்ல.

தூரமும் ஒரு காரணம். 30 சென்றிமீற்றரில் எடுத்த செல்பியில், ஒன்றரை மீற்றரில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க முகச் சத்திரசிகிச்சை சஞ்சிகை ஒன்றில் கணக்கிட்டுக் காட்டினார்கள். மூக்கு அகலும்போது கண்கள் ஒடுங்குவதுபோலவும் காதுகள் பின்னால் ஒளிவதுபோலவும் ஆகிவிடும். ஆகவே பெயர் செல்பி என்றாலும் போனைச் சுவரில் சாய்த்துவைத்து நான்கைந்து அடி தள்ளி நிற்பதே நல்லது.

சகோதரியின் மகன் ஒருவனுக்கு, கற்பிட்டிக்காரன்தான், இப்படி வரைந்து கொடுத்தபோது எழுந்த பிரச்சினைகளை வரிசையாகச் சொன்னால் மற்றவை விளங்கும். நீண்ட முகம். ஒன்றோடொன்று சேரப்போகிற அடர்ந்த புருவம். வலப்பக்கம் வாரிவிட்ட உயரமான முடி. தாடையில் மட்டும் தாடி. கன்னத்தில் ஒரு மச்சம். படத்தைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "மாமா, இது என்ட மூஞ்சி இல்லையே." காரணம் எளிது: முன் கமராவின் திரையில் அவன் தினமும் பார்ப்பது கண்ணாடி போல இடம் வலம் மாறிய முகம். நண்பர்கள் பார்ப்பது மாறாத முகம். இமோஜியைப் பார்த்து அடையாளம் காண வேண்டியவர்கள் நண்பர்கள். ஆகவே வகிடு அவர்கள் பார்க்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவனைச் சமாதானப்படுத்தக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இனி நிறம். கடற்கரையில் எடுத்த அவனுடைய பழைய செல்பியில் கன்னத்துத் தோல் #7C533E என்று வந்தது. முடியும் புருவமும் #2B1D0E. இந்த இரண்டு நிறங்களுக்கும் இடையே உள்ள ஒளிர்வு விகிதம் 2.5. எழுத்து அல்லாத சின்ன உருவங்கள் தெரிய வேண்டுமானால் இந்த விகிதம் குறைந்தது 3 ஆவது இருக்க வேண்டும் என்கிறது டபிள்யூ3சி அமைப்பின் 2018 வழிகாட்டி. பழைய ட்விட்டர் இமோஜிகளின் மஞ்சள் முகத்தை ஒப்பிடுங்கள்: மஞ்சள் #FFCC4D, கண்ணும் வாயும் #664500, விகிதம் 5.8. உலகம் முழுக்கப் பழகிப்போன மஞ்சள் முகம் சின்ன அளவிலும் பளிச்சென்று தெரிவதற்கு இதுதான் காரணம். யாருடைய தோலும் அந்த நிறம் இல்லை. ஆனால் கறுப்புக் கோடு நன்றாக விழும் நிறம் அது. 2015இல் யூனிகோட் 8.0 ஐந்து தோல் நிறங்களைச் சேர்த்தபோது, தோல் மருத்துவத்தில் பயன்படும் பிட்ஸ்பாட்ரிக் அளவுகோலை எடுத்துக்கொண்டது. நிறம் வந்தது. ஆனால் மஞ்சளை நினைத்து வரைந்த கரிய கண்ணும் வாயும் இருண்ட நிறங்களின் மேல் மங்கிப்போவதை நிறத்தை மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடியாது.

இந்த இடத்தில் கைக்கு முதலில் வருகிற தீர்வு முகத்தை வெளுப்பாக்குவது. அழகுபடுத்தும் வடிகட்டிகள் கேட்காமலே அதைச் செய்துவிடும். விகிதமும் கூடும், ஆனால் ஆள் மாறிவிடுவான். கரையோரத்தில் ஒருவனுடைய நிறம் அவனுடைய அடையாளத்தில் சின்னப் பங்கு அல்ல. என் முடிவு வேறு. முதலில் கமரா இருட்டாக்கியதைத் திருத்த வேண்டும். கொட்டில் வாசலில் மீண்டும் எடுத்த படத்தில் அவன் தோல் #9A6A4A. அது அவனுடைய உண்மையான நிறத்துக்கு நெருக்கமானது. அதே புருவ நிறத்தோடு விகிதம் 3.5 ஆகிவிட்டது. வெள்ளையோடு 4.6. அதாவது இந்த நிறத்தில் இருளும் வெளிச்சமும் இரண்டுமே வேலை செய்யும்.

இன்னும் கரிய தோலுக்கு என்ன செய்வது? ஆண்டு முழுக்கக் கடலில் நிற்கிற ஒருவரின் முகம், நிழலில் எடுத்தாலும் #5A3A2A என்று வரலாம். அதில் கரிய புருவத்தின் விகிதம் 1.6 மட்டுமே. வெள்ளையின் விகிதம் 10. ஆக அந்த முகத்தில் இருளால் வரைய முயல்வது வீண். வெளிச்சத்தால் வரைய வேண்டும்: கண்ணின் வெள்ளை, பல்வரிசை, நரைத்த மீசை, கன்ன எலும்பில் விழும் ஒளி. புருவத்தை இன்னும் கறுப்பாக்குவதைவிட, அதன் கீழே இமையின் மேல் ஒரு கட்டம் ஒளியை வைத்தால் புருவம் தானாகத் தெரியவரும். தோலின் நிறத்தில் கைவைக்கத் தேவையே இல்லை. உடப்புப் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் நெற்றியில் விபூதி இருந்தால் அது வரைகிறவனுக்குக் கிடைத்த கொடை. ஆனால் மூன்று பட்டை வரைய மூன்று கட்டமும் நடுவே இரண்டு இடைவெளியும் வேண்டும். பதினாறில் ஐந்து போய்விடும். ஒரே வெண்பட்டையாகப் போட்டாலே விபூதி என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

மருமகனின் முகத்துக்குத் திரும்புவோம். மேலிருந்து கீழாகப் பதினாறு வரிசைகள். விளிம்பு ஒன்று, முடி நான்கு, நெற்றி ஒன்று, புருவம் ஒன்று, கண் இரண்டு, கன்னமும் மூக்கும் இரண்டு, வாய் இரண்டு, தாடி இரண்டு, கீழ் விளிம்பு ஒன்று. முகத்தின் அகலம் பத்துக் கட்டம் மட்டும். நீண்ட முகம் என்பதை அந்த ஒடுக்கம்தான் சொல்ல வேண்டும். புருவங்கள் தலா நான்கு கட்டம், நடுவே ஒரே ஒரு கட்டம் இடைவெளி. அவனுடைய முகத்தில் இடைவெளி அதைவிடக் குறைவு. ஆனால் சேர்த்து வரைந்தால் அது ஒரு தலைப்பட்டி போலத் தெரிகிறது. கண் உண்மையில் முகத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டு கட்டம். இரண்டு கட்டத்தில் வெள்ளை, கருவிழி, வெள்ளை என்று வைக்க இடமில்லை, எனவே மூன்றாக்கினேன். இந்த ஒன்றரை மடங்கு பெருக்கலைத்தான் கேலிச்சித்திரக்காரர்கள் காலங்காலமாகச் செய்கிறார்கள். மூக்குக்குக் கோடே இல்லை. தோலைவிடச் சற்றுக் கருமையான ஒரு கட்டம் போதும்; அதை அழித்துப் பார்த்தபோது 22 அளவில் வித்தியாசம் தெரியவில்லை, பெரிய அளவில் பார்க்கிறவர்களுக்காக விட்டுவைத்தேன்.

மச்சம்தான் வழக்கு. அவனுக்கு அது வேண்டும். அளந்து பார்த்தால் 128 பிக்சல் தாளில் அது இரண்டு பிக்சல். 22இல் மூன்றில் ஒரு பிக்சல். ஒரு கட்ட அளவுக்குப் பெருக்கினால் மச்சம் கருவிழியின் அகலத்துக்கு வந்து, முகத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல ஆனது. எடுத்துவிட்டேன். பொதுவாகச் சொன்னால், ஒருவரைப் பக்கத்தில் பார்க்கும்போது கவனிக்கிற அடையாளங்களும் தெருவின் அந்தக் கோடியில் வரும்போது கவனிக்கிற அடையாளங்களும் வேறு. இமோஜிக்கு வேண்டியது தெருக்கோடி அடையாளங்கள் மட்டும்.

கடைசியாக விளிம்பு. இளைஞர்களில் பலர் கறுப்புப் பின்னணியைத்தான் வைத்திருக்கிறார்கள். #313338 போன்ற கருஞ்சாம்பலின் மேல் அவனுடைய கரிய முடியின் விகிதம் 1.3. அதாவது முடி இல்லை. முகம் பாதியில் வெட்டிய பலாச்சுளை மாதிரி தெரிந்தது. அதனால் உருவத்தைச் சுற்றி ஒரு முழுக் கட்ட அகலத்துக்கு வெளிர்க் கரை கொடுத்து, அதற்கு வெளியே ஒளிபுகும் வெறுமையாக விட்டேன். வெள்ளைப் பின்னணியில் அந்தக் கரை மறைந்துவிடும். பரவாயில்லை, அங்கே கரிய முடியே தனக்கு விளிம்பாகிவிடுகிறது. வட்டத்துக்குள் முகத்தை வைக்கிறவர்களும் உண்டு. வட்டத்தின் ஓரம் நான்கு பக்கமும் இடத்தைத் தின்றுவிடும். அதோடு எல்லா முகங்களுக்கும் ஒரே வெளிவடிவம் வந்துவிடுவதால், சின்ன அளவில் மிக உறுதியாக நிற்கக்கூடிய அடையாளமான தலையின் நிழலுருவம் பயனற்றுப் போகிறது. நான் வட்டத்தைத் தவிர்க்கவே சொல்வேன்.

உணர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. பதினாறு கட்டத்தில் புருவம் அடையாளத்துக்காகப் பிடிக்கப்பட்டுவிட்டால், அதை உயர்த்தியும் நெரித்தும் உணர்ச்சி காட்ட முடியாது. வாயும் கண் இமையும்தான் மிச்சம். எனவே ஒருவருக்கு ஒரே முகத்தில் நான்கு உணர்ச்சிகள் வேண்டுமென்றால் வாயையும் கண் இமையையும் மட்டும் மாற்ற வேண்டும். அதற்கு மேல் போனால் நான்கு வேறு ஆட்களாகிவிடும்.

இத்தனை பாடுபடாமல் செல்பியைக் கொடுத்தால் தானாகவே முகம் செய்து தரும் வசதிகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. கூகுளின் அலோ செயலி 2017இல் செல்பியிலிருந்து ஸ்டிக்கர் செய்தது. சாம்சங் 2018இல் தன்னுடைய செல்பி முகங்களைக் கொண்டுவந்தது. இவை இயங்கும் முறை வேறுபட்டாலும் முகத்தை முன்பே செய்துவைத்த உறுப்புகளிலிருந்து கோர்ப்பதுதான் பெரும்பாலும் அடிப்படை: இந்தப் புருவம், அந்தத் தாடி, இந்தக் கன்னம். பட்டியலில் இல்லாத புருவம் பட்டியலில் உள்ள ஏதோ ஒன்றாகச் சமன்செய்யப்படும். ஆளை ஆளாகக் காட்டுவது சராசரியிலிருந்து அவர் விலகி நிற்கும் இடம் என்பதால், சமன்செய்யும்போது போவது அந்த இடம்தான். மேலும் அவற்றின் மெல்லிய நிழலும் பளபளப்பும் திரை நிறையப் பார்க்கச் செய்யப்பட்டவை. ஸ்டிக்கராக அவை அழகு. 22 பிக்சலில் அவை மெழுகு.

பர்தா அணிந்த பெண்களின் முகம் இந்தக் கரையில் தனிக் கேள்வி. தலைமுடி என்ற பெரிய அடையாளம் அங்கே கிடைக்காது. காதும் தாடையும் மறைந்திருக்கும். 2017இல் யூனிகோட் 10 தலைமுக்காடு அணிந்த பெண்ணைச் சேர்த்தது, ரயூஃப் அல்ஹுமைதி என்ற சவூதிப் பதின்ம வயதுப் பெண் முன்வைத்த கோரிக்கையால். அது பொதுவான ஒரு பெண். நமக்கு வேண்டியது குறிப்பிட்ட ஒருத்தி. அடையாளத்துக்குக் கிடைப்பது புருவம், மூக்குக்கண்ணாடி, கண், பிறகு துணியின் நிறமும் அதைக் கட்டும் விதமும். எல்லாப் பக்கமும் துணிக்கு இரண்டு கட்டமும் விளிம்புக்கு ஒரு கட்டமும் கொடுத்தால் முகத்துக்கு மிஞ்சுவது பத்துக் கட்டம்தான். நெற்றியை வெட்டி, துணியை மேலே ஒரு கட்டமாகக் குறைத்து, முகத்தைப் பெருக்குவது நல்லது. கறுப்புத் துணி கறுப்புப் பின்னணியில் மறையும் தொல்லை இங்கே இரட்டிப்பு; வெளிர்க் கரை இல்லாவிட்டால் தனியே ஒரு முட்டை வடிவ முகம் மிதப்பதுபோல் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. புகைப்படத்தைப் பலர் உள்ள குழுவில் போட விரும்பாத பெண்கள் வரைந்த முகத்துக்குச் சம்மதிக்கிறார்கள். உயிர் உருவத்தின் முகத்தை வரைவதே ஆகாது என்று கருதுகிறவர்களும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அப்படி ஒருவருக்காகக் கண்ணும் வாயும் இல்லாமல், பழுப்புப் பர்தாவும் தடித்த வட்டச் சட்டக் கண்ணாடியும் மட்டும் வைத்து வரைந்து பார்த்தேன். அவருடைய குழுவில் யாரும் "இது யார்?" என்று கேட்கவில்லை. சிறிய கூட்டத்தில் அடையாளம் என்பது உலகத்தில் உள்ள எல்லோரிலிருந்தும் ஒருவரைப் பிரித்தெடுப்பது அல்ல, அந்தப் பதினைந்து இருபது பேரிலிருந்து பிரித்தால் போதும்.

சோதனையும் அதையொட்டியே அமைய வேண்டும். படத்தின் உரிமையாளரிடம் காட்டி "நல்லா இருக்கா?" என்று கேட்பதால் பயன் இல்லை. குழுவில் உள்ள எல்லா முகங்களையும் 22 அளவில், பெயர் இல்லாமல், ஒரு வரிசையில், ஒருமுறை வெள்ளையிலும் ஒருமுறை கறுப்பிலும் அடுக்கி, குழுவிலுள்ள இன்னொருவரிடம் வெயிலில் காட்ட வேண்டும். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். யோசித்துச் சொன்னால் தோல்வி. யோசிக்காமல் சொன்னால்தான் வெற்றி. எந்த இருவரை மாற்றிச் சொல்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூவர் ஒரே ஜோடியை மாற்றிச் சொன்னால் பிழை பார்ப்பவரில் இல்லை.

மருமகன் குழுவில் அப்படி ஒரு ஜோடி அகப்பட்டது. ஒரு வயது இடைவெளியில் பிறந்த அண்ணன் தம்பி. இருவருக்கும் அதே புருவம், அதே தாடி, அதே முடிவெட்டு. அண்ணனின் கன்னம் சற்று உள்வாங்கியது. பதினாறு கட்டத்தில் அது அரைக் கட்டம்கூட வராது. புருவத்தைப் பெருக்கிப் பார்த்தேன், முகத்தை ஒடுக்கிப் பார்த்தேன், இருவரும் சேர்ந்தே மாறினார்கள். முகத்துக்குள் தீர்வு இல்லை என்று தெரிந்த பிறகு வெளியே தேடினேன். காற்றுக் காலத்தில் களப்பில் வெளிநாட்டவருக்குக் காற்றாடிச் சறுக்கல் கற்றுக்கொடுக்கப் போகிறவன் தம்பி. அவன் நெற்றியில் எந்நேரமும் ஏற்றிவைத்த செம்மஞ்சள் சட்டக் கறுப்புக் கண்ணாடி இருக்கும். முடிக்கு ஒதுக்கிய நான்கு வரிசையில் ஒன்றைக் குறைத்து அந்தக் கண்ணாடியை வைத்ததும் குழப்பம் தீர்ந்தது. அண்ணனுடையதில் எதையும் மாற்றவில்லை.